கருப்பைக்குள் சலைன் விட்டுப் பார்க்கும் ஸ்கேன்: பாலிப் சந்தேகத்தோடு வருகிறவர்கள் கேட்பவை

போன மாசம்தான் வஜைனல் ஸ்கேன் எடுத்தேன். உட்படலம் 15 மி.மீ. தடிமன்னு எழுதியிருக்காங்க. இப்போ சலைன் விட்டு மறுபடியும் எடுக்கணுமாம். முதல் ஸ்கேன் தப்பா?

தப்பில்லை. அந்த ஸ்கேனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். கருப்பைக்குள் திறந்த இடம் ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, பஞ்சு அடைக்காத தலையணை உறை மாதிரி. அந்த உறைக்குள் சின்னத் துணிச்சுருள் ஒன்று கிடந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த இடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். தடிப்பது துணியா, உள்ளே கிடக்கும் பொருளா என்று சொல்ல முடியாது.

15 மி.மீ. என்பது முன்சுவரின் உட்படலமும் பின்சுவரின் உட்படலமும் சேர்ந்த அளவு. மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்ணுக்கு அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. தீட்டு நின்ற கையோடு பார்த்தால் அதே உட்படலம் 3, 4 மி.மீ. இருக்கும். கருமுட்டை வெளியான பிறகு, சுழற்சியின் பின்பாதியில், 15 வரை போவது சகஜம். ஆகவே எந்த நாளில் எடுத்த ஸ்கேன் என்று தெரியாமல் தடிமனை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை, நிம்மதி அடைவதும் சரியில்லை. மாதவிடாய் முழுவதும் நின்றுபோனவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு இரத்தம் பட்டால் 4 மி.மீ.க்கு மேல் போனாலே அடுத்த பரிசோதனை வேண்டும்.

சலைன் விடுவது அந்த இரண்டு சுவர்களையும் பிரிப்பதற்காக. நீர் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் பாலிப், அதாவது உட்படலத்தில் வளர்ந்த சதை, இருந்தால் வெளிர் நிறத்தில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே சீரான மெல்லிய கரை தெரியும்.

தெரியும் கட்டி பாலிப்தானா, ஃபைப்ராய்டா என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பாலிப் என்பது உட்படலமே ஓரிடத்தில் வளர்ந்து தொங்குவது. ஃபைப்ராய்டு தசையிலிருந்து கிளம்பி உள்ளே தள்ளுவது. பிறந்த இடம் வேறு என்பதால் தோற்றமும் வேறு.

பாலிப் உட்படலத்தைப் போலவே வெளுப்பாக, வழவழவென்ற விளிம்போடு இருக்கும். சில நேரம் உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரியும். சுவரோடு அது சேரும் இடத்தில் உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கோடு உடையாமல் ஓடும். கலர் டாப்ளர் போட்டால் பெரும்பாலும் காம்பு வழியாக ஒரே ஒரு இரத்தக்குழாய் உள்ளே போவது தெரியும். இந்த ஒற்றைக் குழாயைப் பார்த்துவிட்டால் எங்களுக்கு நல்ல தெம்பு.

ஃபைப்ராய்டு கொஞ்சம் கறுத்திருக்கும், பின்னால் நிழல் விழும், மேலே உட்படலம் போர்வை போட்டது போல் வெள்ளைக் கோடாக ஓடும். இரத்தக்குழாய்கள் அதன் ஓரத்தைச் சுற்றி ஓடும். இதில் நாங்கள் எழுத வேண்டிய முக்கியமான விஷயம், அதில் எவ்வளவு பங்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு தசைக்குள் புதைந்திருக்கிறது என்பது. பாதிக்கு மேல் புதைந்திருந்தால் உள்வழியாக எடுப்பது கடினமான வேலை. அறுவை செய்யும் டாக்டர் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

எனக்கு தீட்டே ஒழுங்கா வர்றதில்லை. எந்த நாள்ல வரச் சொல்றீங்கன்னு எப்படிக் கணக்கு வைக்கிறது?

இந்த ஸ்கேனில் பாதி வெற்றி நாள் பார்த்துச் செய்வதில் இருக்கிறது. ஒழுங்காகத் தீட்டு வருகிறவருக்கு, அது தொடங்கிய நாளை 1 என்று வைத்து, இரத்தம் நின்றபின், 10ஆம் நாளுக்குள் செய்ய வேண்டும். அப்போது உட்படலம் மிக மெலிதாக இருக்கும், பாலிப் எடுப்பாகத் தெரியும். கருவுற்றிருக்க வாய்ப்பும் இராது. 20ஆம் நாளில் வந்தால் உட்படலம் தானே தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அதில் ஒரு மடிப்பைப் பாலிப் என்று எழுதிவிட இடமுண்டு. உட்படலமும் பாலிப்பும் அந்த நாட்களில் ஒரே வெளுப்பாக இருப்பதால், உண்மையான சின்னப் பாலிப் கண்ணில் படாமல் போகவும் இடமுண்டு.

ஒழுங்கில்லாத இரத்தப்போக்கு உள்ளவருக்குத்தான் சிக்கல், அவர்களுக்குத்தான் இந்த ஸ்கேன் அதிகம் தேவையும்படுகிறது. வழக்கமான வழி இது: முதலில் கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று உறுதியானதும் மகப்பேறு மருத்துவர் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையைச் சில நாட்களுக்குத் தருவார், பெரும்பாலும் 10 நாள். மாத்திரையை நிறுத்தியதும் ஒரு வாரத்துக்குள் இரத்தம் போகும். உட்படலம் உதிர்ந்து வெளியேறும். அந்த இரத்தம் நின்ற அடுத்த ஓரிரு நாளில் ஸ்கேன். மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போட வேண்டாம். கல்லீரல் கோளாறு, காலில் இரத்தம் உறைந்த பழைய வரலாறு போன்றவை இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

துளித்துளியாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் அதற்காக ஸ்கேனைக் கைவிட வேண்டியதில்லை. செய்யலாம். ஆனால் உள்ளே இரத்தக்கட்டி கிடக்கும் என்பதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தீட்டு வந்த நாளிலிருந்து ஸ்கேன் முடியும் வரை உடலுறவு வேண்டாம் என்று சொல்வது கர்ப்பக் குழப்பம் வராமலிருக்க.

யாருக்கு இதைச் செய்யவே கூடாது?

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், இடுப்புப் பகுதியில் நோய்த்தொற்று இருப்பவர்களுக்கும். காய்ச்சல், அடிவயிற்றில் தொட்டாலே வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகுதான். கிருமி மேலே ஏறிச் சினைக்குழாய்க்குப் போய்விடும். முன்பு எப்போதாவது அப்படித் தொற்று வந்திருந்தாலும், குழாய் வீங்கியிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துச் செய்வார்கள். மற்ற எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. தொற்று வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

உள்ளே என்ன செய்வாங்க? ரொம்ப வலிக்குமா?

ஒவ்வொரு படியும் முன்கூட்டியே தெரிந்தால் உடம்பு இறுகாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். முதலில் வழக்கமான வஜைனல் ஸ்கேன். கருப்பை முன்னால் சாய்ந்திருக்கிறதா பின்னாலா, சூலகங்கள் எப்படி, உள்ளே ஏற்கெனவே நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பாப் ஸ்மியர் எடுப்பது போல ஸ்பெகுலம் வைத்து, கருப்பை வாயைப் போவிடோன் அயோடின் கொண்டு துடைப்பார்கள். அயோடின் ஒத்துக்கொள்ளாது என்றால் அதற்கு முன்பே சொல்லுங்கள், வேறு மருந்து உண்டு. அடுத்து மெல்லிய மென்குழாய் ஒன்றைக் கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்துவார்கள். சில இடங்களில் நுனியில் குட்டிப் பலூன் உள்ள குழாய், சில இடங்களில் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஃபோலி குழாய். குழாயைச் செலுத்தும் முன்பே அதில் சலைனை ஓட்டிக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்பெகுலத்தை எடுத்துவிட்டு ஸ்கேன் கருவியை மறுபடி வைத்து, சிரிஞ்சில் உள்ள சலைனை மெதுவாகச் செலுத்துவார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 மி.லி. போதும், சிலருக்கு 20 வரை ஆகும். கசிந்து வெளியே வந்துகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம். நீர் விரியும் அந்த அரை நிமிடம், ஒரு நிமிடம்தான் பார்க்க வேண்டிய நேரம். கருப்பையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நீளவாக்கில், அப்புறம் குறுக்குவாக்கில். 3டி வசதி இருந்தால் முழுக் குழியையும் ஒரே படமாக எடுத்துவிடலாம். கடைசியில் பலூனைச் சுருக்கிவிட்டுக் கீழ்ப்பகுதியையும் கருப்பை வாய்ப் பாதையையும் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பலூன் இருக்கும் வரை அதன் பின்னால் இருப்பது மறைந்துதான் கிடக்கும்.

வலி பெரும்பாலும் தீட்டு வலி மாதிரி, சலைன் போகும்போது அடிவயிற்றைப் பிசைவது போல் வரும். நிறுத்தினால் அடங்கிவிடும். சிலருக்குக் குழாய் நுழையும்போது சுருக்கென்று இருக்கும். மயக்க மருந்து தேவையில்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை, ஐபுபுரூஃபன் அல்லது மெஃபனாமிக் அமிலம் போன்றது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டால் நல்லது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான். சலைன் உடல் சூட்டில் இருப்பதும், மெதுவாகச் செலுத்துவதும், பலூனைக் குழிக்குள் வைக்காமல் கருப்பை வாய்ப் பாதையிலேயே வைப்பதும் வலியைக் குறைக்கின்றன. சிலருக்கு முடிந்தவுடன் தலைசுற்றி வியர்த்துக் கொட்டும். அது கருப்பை வாயைத் தொட்டதால் நரம்பு வழியாக வரும் எதிர்வினை. பத்து நிமிடம் படுத்திருந்து எழுந்தால் போதும். நிறுத்துங்கள் என்று எந்தக் கட்டத்திலும் சொல்லலாம், சொன்னால் நிறுத்துவார்கள்.

ஒரு சென்டர்ல பாலிப்னு சொன்னாங்க. ஹிஸ்டிரோஸ்கோப்பியில பார்த்தா ஒன்னுமே இல்லையாம். அது எப்படி?

ஹிஸ்டிரோஸ்கோப்பி என்பது கருப்பை வாய் வழியாக மெல்லிய கேமராவை விட்டு உள்ளே நேரில் பார்ப்பது. இப்படி ஆவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இரத்தக்கட்டி. உறைந்த இரத்தம் சலைனுக்கு நடுவில் பாலிப் போலவே வெளுப்பாக, உருண்டையாக நிற்கும். பார்ப்பவர் பொறுமையாகச் சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சிரிஞ்சைக் கொஞ்சம் அழுத்தி நீரைப் பீய்ச்சினால் கட்டி நகரும், சிதறும், சுவரை விட்டு விலகும். பாலிப் காம்பில் ஆடும், இடம் மாறாது. டாப்ளரில் கட்டிக்குள் இரத்த ஓட்டம் இருக்காது. ஆனால் ஓட்டம் தெரியவில்லை என்பதற்காகவே பாலிப் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 5 மி.மீ. பாலிப்பில் குழாய் அவ்வளவு மெலிதாக இருக்கும்.

இரண்டாவது, காற்றுக்குமிழி. குழாயில் காற்று இருந்தால் அது பளீரென்ற வெள்ளைப் புள்ளிகளாகப் போய் மேல்சுவரில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் நிழல் அடிக்கும். அதனால்தான் முன்கூட்டியே சலைனை ஓட்டிவிடச் சொல்கிறோம். மூன்றாவது, குழாய் நுனி உட்படலத்தைச் சீய்த்து ஒரு துணுக்கு தொங்குவது. அதற்காகத்தான் குழாயை மேல்முனை வரை முட்டித் தள்ளக் கூடாது. நான்காவது, நாள் தப்பி வந்ததால் தெரிந்த மடிப்பு. அதைப் பற்றி மேலே சொன்னேன்.

சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டில் சந்தேகம் என்றே எழுதி, அடுத்த தீட்டுக்குப் பின் மறுபடி பார்ப்பது நேர்மையான வழி. இன்னொரு சாத்தியமும் உண்டு: ஸ்கேனுக்கும் அறுவைக்கும் நடுவில் பல மாதங்கள் ஓடியிருந்தால் சின்னப் பாலிப் தானாகவே உதிர்ந்திருக்கலாம்.

குழாய் உள்ளேயே போகலைன்னு பாதியில நிறுத்திட்டாங்க. இப்போ என்ன செய்யறது?

கருப்பை வாய் இறுகிச் சுருங்கியிருந்தால் இப்படி ஆகும். சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், கருப்பை வாயில் ஏதாவது சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அதிகம் காண்கிறோம். சிசேரியன் தழும்பினால் கருப்பை மேலே இழுக்கப்பட்டிருந்தாலும் பாதை வளைந்துவிடும். இன்னும் மெல்லிய, கொஞ்சம் விறைப்பான குழாயோடு மறுபடி ஒருமுறை முயலலாம். அப்போதும் போகவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் நேரடியாக ஹிஸ்டிரோஸ்கோப்பிக்குப் போவதுதான் நல்லது.

எனக்கு 43 வயசு. 8 மாசமா தீட்டு 20 நாள்ல வரும், 40 நாள்ல வரும், நடுநடுவே படும். ரிப்போர்ட்டில் "பின்சுவரில் 16×9×7 மி.மீ. பாலிப், ஒற்றை இரத்தக்குழாய். முன், பின் உட்படலம் தலா 2 மி.மீ.; சிசேரியன் தழும்பில் 3 மி.மீ. குழி" என்று இருக்கு. இதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

நன்றாக எழுதப்பட்ட ரிப்போர்ட் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"தலா 2 மி.மீ." என்றால் பாலிப் இல்லாத இடங்களில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 மி.மீ.தான். நடுவிலுள்ள சலைனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, உட்படலம் முழுவதும் தடித்துப்போன நிலை இல்லை, ஓரிடத்தில் மட்டும் வளர்ச்சி. இந்தப் பிரிவினைக்காகத்தான் இவ்வளவு பாடும். முழுவதும் சமமாகத் தடித்திருந்தால் ஒரு மெல்லிய உறிஞ்சு குழாயை விட்டு எங்கிருந்து திசு எடுத்தாலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஓரிடத்தில் மட்டும் இருந்தால் கண்ணால் பார்த்து அதையே எடுக்க வேண்டும்.

16 மி.மீ. பாலிப் இரத்தம் படுவதற்குப் போதுமான காரணம். அதன் நுனியில் இரத்தக்குழாய்கள் விம்மிப் புண்ணாகிக் கசியும். மற்ற உட்படலம் ஹார்மோனுக்கு ஏற்ப வளர்ந்து உதிரும்போது இது சேர்ந்து உதிராது. அதனால்தான் நடுநடுவே படுகிறது, தீட்டு நாட்களும் நீள்கின்றன. மாத்திரை இந்தப் பாலிப்பைக் கரைக்காது.

தழும்பில் உள்ள குழி, சிசேரியன் செய்த இடத்தில் சுவர் முழுதாகக் கூடாமல் விட்ட பள்ளம். தீட்டு இரத்தம் அதில் தங்கி, தீட்டு நின்றபின் பழுப்பு நிறத்தில் சில நாள் கசியலாம். சலைன் விட்டால்தான் அது நன்றாகத் தெரியும். 3 மி.மீ. சின்னது. பாலிப்பை எடுத்த பிறகும் தீட்டு முடிந்த கையோடு பழுப்பாகப் பட்டால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இனி, ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று. தீட்டு 20 நாளிலும் 40 நாளிலும் மாறி மாறி வருவதைப் பாலிப் விளக்காது. பாலிப் இருந்தால் இரத்தம் அதிகமாகும், இடையில் படும். சுழற்சியின் தாளம் மாறுவது கருமுட்டை ஒழுங்காக வெளியாகாததால், 43 வயதில் அது இயல்பாகத் தொடங்கும் காலமும்கூட. தைராய்டு பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உங்களுக்கு இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் இருக்கின்றன. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், பாலிப்பை எடுத்த மூன்றாம் மாதம் தீட்டு தள்ளிப் போகும்போது அறுவை தோற்றுவிட்டது என்று மனம் நொந்துபோவீர்கள். பாலிப் போனால் நடுவில் படுவதும் அளவுக்கு மீறிப் போவதும் குறைய வேண்டும், அதை வைத்துத்தான் பலனை அளக்க வேண்டும். சுழற்சிக்குத் தனியாக மருந்தோ, காப்பர் டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ தேவைப்படலாம்.

அடுத்த படி: ஹிஸ்டிரோஸ்கோப்பி வழியாகப் பாலிப்பைக் காம்போடு எடுப்பது, அதே நேரத்தில் மற்ற உட்படலத்திலிருந்தும் கொஞ்சம் திசு எடுப்பது, இரண்டையும் தனித்தனிப் புட்டியில் பயாப்ஸிக்கு அனுப்புவது. ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்திருந்தால் இரும்புச்சத்தை இன்றே தொடங்கலாம். அறுவை வரை காத்திருக்க வேண்டாம்.

பாலிப்னா புற்றுநோயா? ஸ்கேன்லயே சொல்லிட மாட்டாங்களா?

மாதவிடாய் உள்ள பெண்களிடம் எடுக்கப்படும் பாலிப்களில் நூற்றுக்கு 98 அளவுக்குச் சாதாரணமானவையே. மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டு, அதில் கண்டுபிடிக்கப்படும் பாலிப்களில் ஆபத்து கூடுதல், நூற்றில் ஐந்து அளவுக்கு. மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபன் மாத்திரை எடுப்பவர்களிடமும் கொஞ்சம் கூடுதல்.

ஸ்கேனில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விளிம்பு கரடுமுரடாக இருப்பது, தசைக் கோடு உடைந்திருப்பது, நிறையக் குழாய்கள் கண்டபடி ஓடுவது, சலைன் விட்டும் குழி விரியாமல் இருப்பது, இவையெல்லாம் எங்களை எச்சரிக்கும். ஆனால் அழகாக வழவழவென்று தெரியும் பாலிப்புக்குள்ளும் கோளாறான செல்கள் இருக்க முடியும். அதனால் இந்த ஸ்கேன் சொல்வது எங்கே, எவ்வளவு பெரியது என்பதை. என்ன என்பதை மைக்ரோஸ்கோப்தான் சொல்லும். 45 வயதைத் தாண்டியவர்கள், அதிக எடை உள்ளவர்கள், வருடக்கணக்கில் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால்கூட, திசுப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

அப்போ பேசாம டி அண்ட் சி பண்ணிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?

டி அண்ட் சி கண்ணால் பார்க்காமல் சுரண்டுவது. காம்பில் ஆடும் பாலிப் கருவியிலிருந்து வழுக்கி நகர்ந்துவிடும். மூலையில் இருந்தால் கருவி அங்கே போகவே போகாது. சுரண்டி வந்த திசுவில் சாதாரண உட்படலம் என்று ரிப்போர்ட் வரும், பாலிப் உள்ளேயே இருக்கும், இரத்தமும் நிற்காது. இப்படி இரண்டு தடவை டி அண்ட் சி ஆகி, மூன்றாவதாகச் சலைன் ஸ்கேனுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. மயக்கம், செலவு, லீவு எல்லாம் இரண்டு தடவை. பாலிப் இருக்கிறது என்று தெரிந்தபின் ஹிஸ்டிரோஸ்கோப்பிதான் சரியான வழி, அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கிடைக்காத ஊரில் இருந்தால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

6 மி.மீ. பாலிப்தான். எனக்கு ரத்தமும் இப்போ நின்னுடுச்சு. விட்டுவிடலாமா?

10 மி.மீ.க்குக் குறைந்த பாலிப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஒரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடுகிறது. மாதவிடாய் உள்ளவர், தொந்தரவு இல்லை, மேலே சொன்ன ஆபத்துக் காரணங்களும் இல்லை என்றால் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். குழந்தைக்கு முயல்பவர்களும் மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டவர்களும் அளவைப் பார்த்துக் காத்திருக்காமல் டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது.

கல்யாணம் ஆகாத என் தங்கைக்கு, 27 வயசு, இதே பிரச்சினை. அவளுக்கும் இந்த ஸ்கேன் செய்யலாமா?

உடலுறவு அனுபவம் இல்லாதவருக்கு இந்த ஸ்கேனும் வஜைனல் ஸ்கேனும் பொதுவாகச் செய்வதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது முதல் படி. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. இந்த வயதில் பாலிப்பைவிட ஹார்மோன் காரணங்களும், இரத்தம் உறைவதில் உள்ள கோளாறும் அதிகம் என்பதால் இரத்தப் பரிசோதனைகள் முதலில். அனுபவம் உண்டா இல்லையா என்பதை அவரிடம் மட்டும், தனியாக, கேட்க வேண்டும். நீங்கள் கூடப் போனால் அந்த நிமிடம் வெளியே இருந்து உதவுங்கள்.

குழந்தைக்காகவும் பார்க்கிறோம். சினைக்குழாய் அடைப்பும் இதிலேயே தெரிஞ்சிடுமா?

அரைகுறையாகத் தெரியும். ஸ்கேன் முடிவில் கருப்பைக்குப் பின்னால் புதிதாக நீர் சேர்ந்திருந்தால் ஒரு குழாயாவது திறந்திருக்கிறது என்று பொருள். எது என்று சொல்ல முடியாது. நீர் தெரியவில்லை என்றால் அடைப்பு என்றும் பொருள் இல்லை. அதற்குச் சாயம் விட்டு எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயோ, நுரை மருந்து விட்டுப் பார்க்கும் ஸ்கேனோ தனியாகத் தேவை.

வீட்டுக்குப் போனபிறகு எதைக் கவனிக்கணும்?

அன்று முழுவதும் சலைன் நீராக, லேசாக இளஞ்சிவப்பாகக் கசியும், ஒரு பேட் வைத்துக்கொண்டு வாருங்கள். ஓரிரு நாள் இரத்தத் துளி படலாம். அன்றே வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம், தலைசுற்றல் இல்லாமல் இருந்தால். டாம்பனும் உடலுறவும் ஓரிரு நாள் வேண்டாம்.

உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு இரத்தம் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தலைகாட்டும். அந்த வாரத்தில் வரும் காய்ச்சலைச் சளிக்காய்ச்சல் என்று ஒதுக்காமல், இப்படி ஒரு ஸ்கேன் செய்துகொண்டேன் என்று பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள்.